யாழ்ப்பாணக் கதைகளை ஆங்கிலமாக்கும்போது எதை விளக்குவது, எதை விடுவது: முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணச் சிறுகதைத் தொகுப்பு ஒன்றை ஆங்கிலமாக்க உட்காருகிறவர்கள் முதலில் கவலைப்படுவது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றித்தான். ஒடியல் கூழை என்ன செய்வது, பினாட்டுக்கு அடிக்குறிப்புப் போடுவதா, புழுக்கொடியலை எப்படிச் சொல்வது என்று பட்டியல் நீளும். ஆனால் இவை எல்லாம் சுலபமானவை. கூழைக் கண்டிராத வாசகருக்கும், அது பானையில் கொதிக்கிறது, நண்டும் மீனும் அதற்குள் கிடக்கின்றன, வீட்டார் சுற்றி இருந்து குடிக்கிறார்கள் என்று காட்சியே சொல்லிவிடும்.

தொலைந்துபோவது வேறு விஷயங்கள். நேற்றுவரை 'வாடி' என்று கூப்பிட்டவள் இன்றைக்கு 'வாரும்' என்று கூப்பிடுவது. ஒருவருக்குப் பேணியிலும் இன்னொருவருக்குச் சிரட்டையிலும் தேத்தண்ணி வருவது. விளக்கு ஜாம்போத்தலில் எரிவது. இவை மொழிபெயர்ப்பில் காணாமல் போனால் ஒருவருக்கும் தெரியவராது. ஆங்கில வாக்கியம் பிழையில்லாமல் நிற்கும், கதை மட்டும் வேறொரு கதையாகிவிடும். ஆகவே வாசகருக்கு எது தெரியாது என்று பார்த்து விளக்கத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். இந்தக் கதை எதன்மேல் சாய்ந்து நிற்கிறது என்றுதான் முதலில் பார்க்கவேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அதிலிருந்து வருகின்றன.

தொடங்குவதற்கு முன்

அனுமதி முதல் வேலை. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி மொழிபெயர்க்கும் உரிமை ஆசிரியருடையது. அவர் இறந்து 70 வருடங்கள் வரை அது வாரிசுகளிடம் இருக்கும். எழுத்தில் அனுமதி வாங்கும்போதே இன்னும் இரண்டு விஷயங்களையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: கதைகளின் வரிசையை மாற்றலாமா, தேவையான இடத்தில் சில சொற்களைச் சேர்க்கலாமா. இந்த இரண்டும் பிறகு எவ்வளவு உதவும் என்பது போகப்போகத் தெரியும்.

அடுத்தது, யாருக்காக எழுதுகிறீர்கள் என்பது. யாழ்ப்பாணக் கதையின் ஆங்கில வாசகர் ஒரே ஆள் அல்ல. ரொறன்ரோவிலோ லண்டனிலோ பிறந்த எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புட்டும் தெரியும், அம்மம்மாவும் தெரியும், ஆனால் போர்க்காலத்தில் வடக்குக்கு இருந்த பொருளாதாரத் தடை தெரியாது. கொழும்பில் ஆங்கிலத்தில் வாசிக்கும் சிங்கள வாசகருக்குத் தடை பற்றிச் செய்தியாகத் தெரியும், வேலிக்கு உள்ளே நடந்தது தெரியாது. மூன்றாவது ஆள் இந்தத் தீவையே அறியாதவர். மூவருக்கும் ஒரே அளவில் விளக்கப் போனால் பக்கம் தாங்காது. ஒன்றும் தெரியாத, ஆனால் அவசரப்படாத ஒருவரை மனதில் வைத்துக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு விஷயம் மூன்றாம் பக்கத்தில் வந்து பத்தாம் பக்கத்தில் விளங்கினால் போதும் என்று காத்திருக்கக்கூடிய வாசகர் அவர். சிறுகதை வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பொறுமை இருக்கிறது, நாங்கள்தான் நம்புவதில்லை.

முழுத் தொகுப்புக்கும் ஒரே பேரேடு

முதல் கதையிலிருந்து வரிவரியாக மொழிபெயர்க்கத் தொடங்கவேண்டாம். முதலில் முழுத் தொகுப்பையும் பென்சிலோடு வாசியுங்கள். வெளியாள் ஒருவர் தடக்கக்கூடிய ஒவ்வொரு இடத்தையும் கோடிட்டு, அவற்றை ஒரு கொப்பியிலோ எக்ஸெல் தாளிலோ எழுதுங்கள். நாலு நிரல் போதும்: விவரம் என்ன, எந்தெந்தக் கதைகளில் வருகிறது, அங்கே என்ன வேலை செய்கிறது, என்ன செய்யப்போகிறேன்.

மூன்றாவது நிரலில்தான் நேரம் எடுக்கும். 'படலை: வீட்டு வாசலில் உள்ள கதவு' என்று எழுதினால் அது அகராதி. 'படலை: இந்தக் கதையில் முறைப்படி வருகிறவர்கள் வரும் வழி, அயலவர்கள் வருவது வேலிப் பொட்டால்' என்று எழுதினால்தான் பேரேடு. ஒரே பொருள் ஒரு கதையில் வெறும் பின்னணியாகவும் இன்னொன்றில் கதையின் அச்சாகவும் இருக்கலாம். பனங்கட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கதையில் அது தேத்தண்ணியோடு கடிக்கிற சாமான், அவ்வளவுதான். இன்னொன்றில் சீனி கிடைக்காத காலத்தின் அடையாளமாக இருக்கலாம். முதலாவதை அப்படியே விடலாம். இரண்டாவதில் சீனி இல்லை என்பது கதைக்குள் எங்காவது வரவேண்டும், அல்லது ஏற்கனவே வந்திருக்கிறதா என்று தேடவேண்டும்.

எழுதி முடித்தபின் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவை பின்னணி வகையாகவே இருக்கும். அவற்றுக்கு ஒன்றும் செய்யவேண்டியதில்லை. இலங்கை ஆங்கிலத்தில் ஏற்கனவே சொல் இருந்தால் அதை எடுங்கள். கிடுகுக்குக் கஜான், அப்பத்துக்கு ஹொப்பர், இடியப்பத்துக்கு ஸ்ட்ரிங் ஹொப்பர், கள்ளுக்கு டொடி, குளத்துக்கு டாங்க் என்று இந்தத் தீவில் நெடுங்காலமாகப் புழங்கும் சொற்கள் அவை. இவற்றை விட்டுவிட்டு 'அரிசிமாவில் அவித்த நூல் போன்ற உணவு' என்று எழுதினால் வாசகர் சாப்பாட்டுப் புத்தகத்துக்குள் போய்விடுவார். சொல் இல்லாதவற்றைத் தமிழ்ச் சொல்லாகவே ஒலிபெயர்த்து விடலாம். சாய்வெழுத்தில் போடவேண்டிய கட்டாயமும் இல்லை. சாய்வெழுத்து ஒவ்வொரு முறையும் 'இது உன்னுடையது அல்ல' என்று வாசகருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும், ஆனால் கதைக்குள் இருக்கிற ஆக்களுக்கு அது அன்றாடச் சொல்.

ஒவ்வொரு விவரத்திடமும் கேட்கவேண்டியவை

அச்சு வகைக்கு மூன்று கேள்விகள். முதலாவது: இந்த வரியை வாசிக்கும் யாழ்ப்பாண வாசகருக்கு இங்கே என்ன தெரிந்துவிடுகிறது? இரண்டாவது: அது தெரியாவிட்டால் அடுத்து நடப்பது விளங்காமல் போகுமா, அல்லது பிழையாக விளங்குமா? விளங்காமல் போவது அவ்வளவு ஆபத்தில்லை, வாசகர் காத்திருப்பார். பிழையாக விளங்குவதுதான் ஆபத்து. தான் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரியாதே. மூன்றாவது: இதை ஆசிரியர் வேண்டுமென்றே சொல்லாமல் விட்டாரா, அல்லது சொல்லத் தேவையில்லை என்று விட்டாரா?

இந்த மூன்றாவது கேள்வியில்தான் மொழிபெயர்ப்பாளரின் தீர்ப்பு முழுக்க இருக்கிறது. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் விடப்பட்டதை நீங்கள் நிரப்பலாம், அது நியாயம். பாத்திரத்துக்குச் சொல்ல வாய் வராததால், பயத்தால், வெட்கத்தால் விடப்பட்டதை நிரப்பினால் கதையைக் கெடுக்கிறீர்கள்.

நிரப்புவது என்று முடிவானால், எவ்வளவு, எங்கே என்பதற்கு எனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். ஒருவர் பேசும் வசனத்துக்குள் ஒருபோதும் விளக்கம் சேர்ப்பதில்லை. யாழ்ப்பாணத்து அம்மா தன் அயலவளிடம் 'இறந்து முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டி' என்று சொல்லமாட்டா. கதைசொல்லி சிறுவன் என்றால் அவன் வாயிலும் சேர்ப்பதில்லை, அவனுக்கு அது உலகத்தின் இயல்பு. படர்க்கையில் சொல்லும் கதையில்தான் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கேயும் ஆங்கிலத்தில் ஆறேழு சொற்களுக்குள், முடிந்தால் ஒரு வினைச்சொல்லாகவோ அடையாகவோ சேர்க்கவேண்டும். தனி வாக்கியமாகச் சேர்த்தால் அங்கே கதைசொல்லி நின்று உங்கள் குரல் தொடங்குவது எவருக்கும் கேட்கும்.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

இந்த வழிகாட்டிக்காகவே நான் எழுதிய பத்தி இது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடக்கும் ஒரு கதையின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அந்தியேட்டி முடிந்த அன்று பின்னேரம் செல்லம்மா பொட்டுக்குள்ளால் வரவில்லை. ஒழுங்கையால் சுற்றி, படலையைத் திறந்துகொண்டு வந்தாள். அம்மா ஜாம்போத்தல் விளக்கைக் கொளுத்தி விறாந்தைக் குந்தில் வைத்தாள். 'வாரும், இரும்' என்றாள். செல்லம்மா முற்றத்தில் நின்றபடி, 'இல்லை, போகவேணும்' என்றாள். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது."

எங்கள் வாசகருக்கு இந்த ஆறு வரியிலேயே எல்லாம் தெரிந்துவிடும். இரண்டு வீட்டுக்கும் இடையில் ஏதோ முறிந்துவிட்டது. செத்தவீடு நடந்த நாட்களில் அது மூடி வைக்கப்பட்டிருந்தது, இன்றோடு அந்த மூடி கழன்றுவிட்டது.

இதே பத்தியைக் கவனமில்லாமல் ஆங்கிலமாக்கினால் கிடைப்பதைத் தமிழில் திருப்பிச் சொன்னால் இப்படி இருக்கும்: சடங்கு முடிந்த மாலையில் செல்லம்மா வேலியின் ஓட்டையால் வராமல் கதவால் வந்தாள். அம்மா விளக்கேற்றி 'வா, உட்கார்' என்றாள். அவள் போகவேண்டும் என்றாள். தேநீர் ஆறியது. ஒரு சொல்லும் பிழையில்லை. ஆனால் வாசகருக்கு வேலியில் ஓட்டை விழுந்தது யாரோ கவனிக்காததால். செல்லம்மா ஒழுங்கான வழியால் வந்தது அவளுடைய மரியாதை. அம்மா அன்பாக அழைக்கிறாள். மூன்றும் தலைகீழ்.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொட்டு. வேலி எப்படிப்பட்டது என்று தெரியாமல் பொட்டு விளங்காது. ஆங்கில வாசகரின் மனதில் 'வேலி' என்றதும் வருவது இடுப்பளவு மரச்சட்டம், அல்லது கம்பி. அதற்கு மேலால் எட்டிக் கதைக்கலாம். எங்கள் வேலி பூவரசும் கிளுவையும் கதியாலாக நட்டு, கிடுகோ பனையோலையோ வைத்து ஆளுயரத்துக்கு மேல் அடைத்தது. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒழுங்கையில் போகிறவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அடைப்பது. அப்படிப்பட்ட வேலியில் இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு பொட்டை விட்டு வைப்பது என்றால் அது ஒரு உடன்பாடு. ஆகவே இந்தப் பத்தியில் ஒன்றும் சேர்க்கவேண்டாம். கதையின் முதல் பக்கத்துக்குப் போங்கள். வேலி முதன்முதலில் வரும் இடத்தில், 'ஆளுக்கு மேலே உயர்ந்த' என்ற அடையைச் சேருங்கள். பொட்டு முதலில் வரும் இடத்தில், 'இரண்டு வீடும் விட்டு வைத்த' என்று வரும்படி எழுதுங்கள். எல்லாம் ஆங்கிலத்தில் ஏழெட்டுச் சொல். நடுப்பகுதிக்கு வரும்போது வாசகர் தயாராக இருப்பார். விளக்கம் தேவைப்படும் இடமும் விளக்கத்தை வைக்கவேண்டிய இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல என்பதை இதில் பார்க்கலாம்.

படலையும் ஒழுங்கையும். இரண்டுக்கும் நேரான எளிய ஆங்கிலச் சொல் போதும். பொட்டு சரியாக நின்றுவிட்டால் படலை தானாகவே தன் வேலையைச் செய்யும்.

அந்தியேட்டி. இறந்தவருக்கு வழக்கமாக 31ஆம் நாள் செய்வது. அதோடு வீட்டின் துடக்கு நீங்குகிறது. கீரிமலை, அஸ்தி, பிண்டம் என்று சொல்ல நிறைய இருக்கிறது, ஆசையும் வரும். இந்தக் கதைக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: துக்க காலம் இன்றோடு முடிந்தது, ஆகவே சண்டையை இனி ஒத்திவைக்க முடியாது. 'அப்பாவின் முப்பத்தோராம் நாள் அன்று, துடக்குக் கழிந்த பின்னேரம்' என்ற பொருளில் எழுதினால் அது வந்துவிடும். சொல்லையே வைத்திருக்க விரும்பினால், சடங்கின் பெயரை ஒலிபெயர்த்து நாள் எண்ணிக்கையைச் சேருங்கள். எண் ஒன்று வந்ததும் வாசகர் இது மரணத்தோடு தொடர்பான கணக்கு என்று பிடித்துக்கொள்வார்.

ஜாம்போத்தல் விளக்கு. 1990இல் மீண்டும் போர் தொடங்கி, மின்சாரம் நின்று, மண்ணெண்ணெய் கிடைக்காத விலைக்குப் போனபோது வீட்டுக்கு வீடு இருந்தது. போத்தலின் அடியில் பஞ்சு, சில துளி எண்ணெய், ஒரு திரி. இந்தக் காட்சியில் அது காலத்தைச் சொல்கிறது, அதோடு இன்னொன்றையும் சொல்கிறது: வந்தவளுக்காக எண்ணெயைச் செலவழிக்கிறா. அம்மா முறைப்படிதான் நடக்கிறா. 'விளக்கு' என்று பொதுவாக்கினால் இரண்டும் போய்விடும். ஜாம்போத்தலை அப்படியே வைத்து, 'அன்றைய எண்ணெயை ஊற்றி' என்ற மாதிரிச் சிறு வினை ஒன்றைச் சேர்க்கலாம். தடையைப் பற்றி இங்கே ஒரு சொல்லும் வேண்டாம்.

'வாரும், இரும்' பற்றித் தனியாகச் சொல்லவேண்டும்.

நீ, நீர், நீங்கள்

தமிழ்நாட்டு வாசகருக்கே 'நீர்' பழைய நாடக வசனம் போலக் கேட்கும், அல்லது கிண்டலாகக் கேட்கும். யாழ்ப்பாணத்தில் அது வீட்டுப் பேச்சு. கணவன் மனைவியிடம் சொல்வார், வகுப்புத் தோழர்கள் தங்களுக்குள் சொல்வார்கள், ஆசிரியர் வளர்ந்த மாணவனிடம் சொல்வார். அதில் அன்பும் இருக்கலாம், தூரமும் இருக்கலாம். எனவே 'நீர் என்றால் நடுத்தர மரியாதை' என்று முன்னுரையில் எழுதுவதால் பயனில்லை. கதையில் கவனிக்கவேண்டியது எந்தப் படி என்பதை விட, படி எங்கே மாறியது என்பதைத்தான். செல்லம்மாவை அம்மா முதல் பக்கங்களில் 'வாடி' என்று கூப்பிட்டிருந்தால், இந்த 'வாரும்' ஒரு கதவை மூடுகிறது.

ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். ஆகவே மாற்றத்தை வேறு எதிலாவது ஏற்றவேண்டும். நான் பேரேட்டில் ஒவ்வொரு சோடிப் பாத்திரத்துக்கும் ஒரு ஏணி போட்டு வைப்பேன். அம்மாவும் செல்லம்மாவும் நெருக்கமாக இருக்கும்போது: பெயர் சொல்லாமல், ஏவலை வெட்டி, அரை வாக்கியத்தில் பேசுவது. தூரம் வந்தபின்: முழு வாக்கியம், 'தயவுசெய்து' என்ற பொருள் தரும் சொல், முழுப் பெயர். முதல் பக்கங்களில் எங்கும் 'தயவுசெய்து' வரவிடாமல் காத்து வைத்திருந்தால், இங்கே அது வந்ததும் ஆங்கில வாசகருக்கும் குளிர் அடிக்கும். ஏணியை எழுதி வைக்காமல் நினைவில் வைத்து வேலை செய்தால், ஒரு மாதம் கழித்து நடுக்கதைக்கு வரும்போது ஆரம்பத்தில் எல்லாரும் ஒருவருக்கொருவர் 'தயவுசெய்து' சொல்லிக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள். பிறகு எடுத்துக்காட்ட ஒன்றும் மிஞ்சாது.

உறவுச் சொற்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. கூப்பிடும் சொல்லாக வருவதை அப்படியே விடுங்கள்: அப்பு, ஆச்சி, குஞ்சம்மா, சீனியம்மா, அத்தான். வாசகர் அவற்றைப் பெயர் போல எடுத்துக்கொள்வார். உறவு முறையே கதைக்கு அச்சாக இருந்தால் மட்டும், உதாரணமாக மச்சாள் என்பதால் கட்டலாம் என்ற பேச்சு வந்தால், யாருடைய பிள்ளை யார் என்பதைக் கதைசொல்லியின் வாக்கியத்தில் ஒருமுறை தெளிவாக்குங்கள்.

சொல்லாமல் வரும் சாதி

யாழ்ப்பாணக் கதைகளில் சாதி பெயரோடு வருவது ஒரு வகை, பெயரில்லாமல் வருவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் மொழிபெயர்ப்பாளருக்குக் கடினம். ஒரு சிறுவன் சொல்லும் கதை என்று வையுங்கள். வீட்டுக்கு வந்த வாத்தியாருக்கு அம்மா மூக்குப்பேணியில் தேத்தண்ணி கொடுக்கிறா. பனையில் சீவ வந்தவர் வேலியில் செருகியிருந்த சிரட்டையை எடுத்து நீட்டுகிறார், அம்மா மேலிருந்து ஊற்றுகிறா. சிறுவன் ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த வரியில் பட்டத்தைப் பற்றிக் கதைக்கிறான்.

எங்களுக்கு அந்தச் சிரட்டை போதும். வெளி வாசகருக்குச் சிரட்டை அழகான கிராமியப் பொருள்; சுற்றுலாக் கடையில் விற்பது. அவர் அதைப் பார்த்து இரசிப்பார். பிழையாக விளங்கும் இடம் என்று முன்னர் சொன்னேனே, இதுதான் அது. இங்கே விளக்கம் கட்டாயம் வேண்டும், ஆனால் சிறுவனின் வாயில் சாதி என்ற சொல்லை வைக்கக்கூடாது. அவனுக்குத் தெரியாது என்பதுதான் கதை.

செய்யக்கூடியது, ஆசிரியர் தந்ததையே கூர்மையாக்குவது. பேணியையும் சிரட்டையையும் இரண்டு 'கோப்பை' ஆக்காதீர்கள். பேணிக்குப் 'பித்தளை' என்ற அடையைத் தவறவிடாதீர்கள். சிரட்டை இருந்த இடம் வேலி, அடுப்படி அல்ல என்பது வாக்கியத்தின் கடைசியில் விழும்படி எழுதுங்கள், ஆங்கிலத்தில் அழுத்தம் அங்கேதான் விழும். 'மேலிருந்து' என்பதையும் விடாதீர்கள். ஊற்றுகிற ஏனம் சிரட்டையைத் தொடவில்லை என்பது அதில் இருக்கிறது. இவ்வளவும் செய்தபின் கூர்மையான வாசகர் பிடித்துக்கொள்வார். பிடிக்காதவருக்கு முன்னுரையில் ஒரு பத்தி இருக்கலாம், அதில் பெயர் சொல்லியே எழுதலாம். பாத்திரம் மறைப்பதை முன்னுரையும் மறைக்கவேண்டிய தேவை இல்லை.

காலத்தைக் காட்டுவது

எங்கள் கதைகளில் ஆண்டு அரிதாகத்தான் வரும். 'நூலகம் எரிந்த வருஷம்', 'கலவரத்துக்குப் பிறகு', 'இந்தியன் ஆமி நிண்ட காலம்', 'இடம்பெயர முதல்' என்றுதான் ஆக்கள் எண்ணுவார்கள். இவற்றை 1981, 1983, 1987 முதல் 1990 வரை, 1995 ஒக்டோபர் என்று மாற்றி எழுதினால் வரலாறு சரியாக இருக்கும், பேச்சு செத்துவிடும். இதற்கு மிக எளிய வழி, ஒவ்வொரு கதைத் தலைப்பின் கீழும் அது முதலில் வெளிவந்த ஆண்டை அச்சிடுவது. ஆசிரியரிடமோ பழைய இதழ்களிலோ கேட்டுத் தேடி எடுக்கவேண்டும். எழுதிய காலத்துக்கும் கதை நடக்கும் காலத்துக்கும் அதிக தூரம் இருந்தால் பேரேட்டில் குறித்து, முன்னுரையில் சொல்லலாம்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்து தென்மராட்சிக்கு நடந்ததைக் களமாகக் கொண்ட கதை தொகுப்பில் இருந்தால், அதற்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். 'இடப்பெயர்வு' என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் இருப்பது அலுவலக அறிக்கைச் சொல். ஆனால் செம்மணி வெளி, நாவற்குழிப் பாலம், மழை, சைக்கிளில் கட்டிய பானை என்று கதைக்குள் இடங்களும் பொருட்களும் இருக்கும். அவற்றைப் பெயரோடு விட்டு, நூலின் முன்பக்கத்தில் குடாநாட்டின் வரைபடம் ஒன்று போட்டால், அடிக்குறிப்பை விட அது உதவும்.

'இயக்கம்', 'பெடியள்' என்று வருவதைப் போராளி அமைப்பின் பெயராக மாற்றவேண்டாம். பாத்திரம் பெயர் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. இலங்கை ஆங்கிலத்தில் 'த பாய்ஸ்' என்றே சொல்லிவந்தார்கள், அதை எடுங்கள். 'பாஸ்' எடுப்பது மட்டும் வாசகரைக் குழப்பும், பயணச்சீட்டு என்று நினைப்பார். அங்கே 'போக அனுமதி' என்ற பொருள் வரும்படி ஒரு சொல் சேர்த்தால் போதும். யார் தரும் அனுமதி என்பது காட்சியில் தெரியும்.

கதை வரிசையும் முன்னுரையும்

தனிக்கதைக்கு இல்லாத வசதி ஒன்று தொகுப்புக்கு உண்டு. ஒரு கதையில் வாசகர் கற்றுக்கொண்டதை அடுத்த கதையில் பயன்படுத்தலாம். பேரேட்டின் இரண்டாவது நிரலைப் பாருங்கள். வேலி மூன்று கதைகளில் வருகிறது, அவற்றில் ஒன்றில் கிழவர் ஒருவர் வேலி அடைத்துக்கொண்டே பேசுகிறார் என்றால், அந்தக் கதை முன்னே வந்தால் மற்ற இரண்டிலும் ஒன்றும் சேர்க்கவேண்டியதில்லை. சீதனக் காணிக்கும் அப்படித்தான். பரப்புக் கணக்கில் காணி பேசும் கதை முதலில் வந்து, ஏக்கருக்கு ஏறத்தாழ 16 பரப்பு என்பது எங்காவது ஒரு தரம் விளங்கிவிட்டால், பிறகு ஒருவர் 'ரெண்டு பரப்புக்காகவோ' என்று கத்தும்போது அது எவ்வளவு சின்னத் துண்டு என்று வாசகருக்குத் தெரியும். ஆசிரியரிடம் முன்னமே அனுமதி கேட்டது இதற்காகத்தான். ஆனால் ஆசிரியர் காலவரிசையை விரும்பினால் அதற்குக் கட்டுப்படவேண்டும்.

முன்னுரை இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது என்பது என் கருத்து. நீ–நீர் மாறும்போது என்ன மாறுகிறது என்பது பற்றி ஒரு பத்தி, சாதி பற்றி ஒன்று, 1981 முதல் 2009 வரையான காலம் பற்றி ஒன்று. சொல்லடைவு வைப்பதானால் கடைசிப் பக்கத்தில், ஒரு பக்கத்துக்குள், பின்னணி வகைச் சொற்களுக்கு மட்டும். கதையின் அச்சு எதுவும் சொல்லடைவில் தொங்கக் கூடாது, ஏனென்றால் பாதி வாசகர்கள் அங்கே போகவே மாட்டார்கள். கதைக்குள் அடிக்குறிப்பு வேண்டவே வேண்டாம். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும் நேரத்தில் வாசகரின் கண் பக்கத்தின் அடிக்கு இறங்கினால், அந்த மௌனம் அங்கேயே முடிந்துவிடும்.

சோதித்துப் பார்ப்பது

ஆங்கிலப் பிரதி ஓரளவு முடிந்ததும் இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் தமிழே தெரியாதவர். இன்னொருவர் யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, தமிழ் மூலத்தை வாசிக்காதவர்.

முதலாமவரிடம் 'விளங்கியதா' என்று கேட்கவேண்டாம், எல்லாரும் விளங்கியது என்றுதான் சொல்வார்கள். 'அந்த இரண்டு பெண்களுக்கும் இடையில் என்ன நடந்தது, அது உங்களுக்கு எந்த வரியில் தெரிந்தது' என்று கேளுங்கள். வரியைக் காட்டச் சொல்லுங்கள். படலையைக் காட்டினால் சரி. கடைசிப் பக்கத்தைக் காட்டினால் முதல் பக்கத்து வேலிக்குத் திரும்பிப் போகவேண்டும். 'நல்ல அன்பான அயலவர்கள்' என்று சொன்னால் 'வாரும்' தவறிவிட்டது, ஏணியைப் பாருங்கள்.

இரண்டாமவரிடம் கேட்கவேண்டியது வேறு: எந்த இடத்தில் யாரோ உங்களுக்குப் பாடம் எடுப்பது போல இருந்தது? அவர் காட்டும் ஒவ்வொரு இடத்திலும் உங்கள் சேர்க்கை இருக்கும். அதை எடுத்துவிட்டு முதலாமவரிடம் மறுபடி கொடுத்துப் பாருங்கள். இருவருக்கும் சரிவராத இடம் ஒன்றிரண்டு மிஞ்சும். அங்கே நான் இரண்டாமவர் பக்கம் நிற்பேன். வெளி வாசகர் ஒரு விவரத்தைத் தவறவிட்டாலும் கதை பிழைக்கும். ஊர்க்காரருக்குப் பொய்யாகப் படுகிற வரி மற்ற வரிகளையும் சந்தேகிக்க வைக்கும்.

பிறகு பதிப்பகத்தின் திருத்துநர் வருவார். அவர் பெரும்பாலும் ஒடியலுக்கும் குஞ்சம்மாவுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருப்பார், சிரட்டையில் போட்டிருக்க மாட்டார். சண்டை பிடிக்கத் தேவையில்லை. பேரேட்டில் அந்தச் சொல்லுக்கு எதிரே மூன்றாவது நிரலில் எழுதியதை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள்: இது பின்னணி, காட்சி தாங்குகிறது, இன்ன பக்கத்தில் தெளிவாகிறது. பக்க எண்ணோடு பதில் போனால் அனேகமாக ஏற்றுக்கொள்வார்கள். ஏற்காத இடத்தில் சொல்லடைவில் ஒரு வரி கொடுத்து, கதைக்குள் கைவைக்க விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.